வின்னிபெக் குளிருக்கு உள்ளே எது, நடுவே எது, வெளியே எது?

“என் மகன் ஜனவரி முதல் வாரம் படிப்புக்காகக் கனடாவில் வின்னிபெக் போகிறான். கொடைக்கானலிலேயே வளர்ந்த பையன், குளிர் அவனுக்குப் பழக்கம்தான். இங்கே போடுகிற பனியன், இரண்டு சுவெட்டர், மேலே ஒரு ஜெர்கின் போதாதா? தெர்மல், ஃப்ளீஸ், டவுன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை இங்கே வாங்கட்டும், எதை அங்கே?”

நீங்கள் சொன்ன பட்டியலில் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பருத்திப் பனியன். சுவெட்டரும் ஜெர்கினும் கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம். உடம்போடு ஒட்டி இருக்கும் துணி தப்பாக இருந்தால் அதற்கு மேலே என்ன போட்டாலும் பயன் பாதியாகிவிடும். நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு பண்ணைக்காட்டில் குடியிருக்கிறேன். நடுவில் சாஸ்கட்டூனில் மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். அது வின்னிபெக்குக்குப் பக்கத்து மாகாணத்து ஊர், குளிரும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

கொடைக்கானல் குளிர் பழகியவன் என்பது தம்பிக்கு ஓரளவுதான் உதவும், சில விஷயங்களில் தவறான பழக்கத்தையும் கொடுத்திருக்கும். நம் ஊர்க் குளிர் ஈரக் குளிர். ஜனவரி இரவில் 5, 8 டிகிரி, மேட்டுப் பகுதியில் சில நாள் உறைபனி. ஆனால் வீட்டுக்குள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர்தான். அதனால் காலையில் மாட்டிய சுவெட்டரை ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுகிறோம். வின்னிபெக்கில் ஜனவரியில் பகலில் சராசரியாக மைனஸ் 11, இரவில் மைனஸ் 21, மோசமான வாரங்களில் மைனஸ் 30 கூட வரும். அதே நேரம் வீடு, பஸ், வகுப்பறை எல்லாம் 20 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருப்பார்கள். ஒரு நாளில் ஏழெட்டு முறை கதவைத் திறந்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் 30, 40 டிகிரி வித்தியாசம், மோசமான நாட்களில் அதற்கும் மேல். வெளியே இருக்கும்போது உறைவதும் உள்ளே வந்ததும் வியர்ப்பதும் மாறி மாறி நடக்கும். அடுக்கடுக்காகப் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: கழற்ற முடிய வேண்டும், வியர்வைக்கு வெளியே போக வழி இருக்க வேண்டும்.

துணி நமக்குச் சூடு கொடுப்பதில்லை. உடம்பின் சூடு வெளியே ஓடாமல் தடுப்பது துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. கம்பளியோ ஃப்ளீஸோ தூவியோ, எல்லாமே அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் கூடுகள். அந்தக் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கதை மாறிவிடும், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரமான பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். பருத்தி தண்ணீரை விரும்பும் நார். இழைக்கு உள்ளேயும் இழைகளுக்கு நடுவேயும் வாங்கி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. கோடைக்கு அது நல்ல குணம். மைனஸ் 20-இல் அதுவே ஆபத்து.

இதை நான் பரிசோதனைக் கூடத்தில் நூறு முறை அளந்திருக்கிறேன், ஆனாலும் உடம்பில் பட்டபோதுதான் முழுசாகப் புரிந்தது. சாஸ்கட்டூனில் முதல் மாதம், பழக்க தோஷத்தில் பருத்திப் பனியன், அதன் மேல் இங்கிருந்து கொண்டுபோன தடித்த தெர்மல், சுவெட்டர், மகள் வாங்கிக் கொடுத்த நல்ல கோட் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் பனி தள்ளினேன். பதினைந்து நிமிஷத்தில் முதுகு நனைந்துவிட்டது, குளிரே தெரியவில்லை. வேலை முடிந்து பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து நிமிஷம் நின்று பேசினேன். நின்ற கொஞ்ச நேரத்திலேயே முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகி, பல் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கோட்டில் ஒரு குறையும் இல்லை. நனைந்தது பனியன், அதற்கு மேலே இருந்த தெர்மலும் நனைந்திருந்தது. பிறகு அதன் லேபிளைப் பார்த்தால் பாதிக்கு மேல் பருத்தி. நம் கடைகளில் தெர்மல் என்ற பெயரில் விற்கும் வெள்ளை, சாம்பல் நிற உள்ளாடைகளில் நிறைய இப்படித்தான் இருக்கும். நம் ஊர்க் குளிருக்கு அது சுகம். தம்பிக்கு வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம், பின்பக்கத்தில் நாரின் சதவீதம் என்ன என்று பாருங்கள்.

உள்ளடுக்குக்கு உண்மையில் இரண்டே தேர்வுகள்தான், மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். இரண்டும் ஈரத்தைக் கையாளும் விதம் நேர் எதிர். சாதாரணக் காற்றில் வைத்தால் பாலியெஸ்டர் தன் எடையில் 0.4 சதவீத ஈரம்தான் வாங்கும், பருத்தி சுமார் 8, கம்பளி சுமார் 16. அப்படியானால் கம்பளிதானே மோசம் என்று தோன்றும். கம்பளி ஈரத்தை ஆவியாக இருக்கும்போதே இழையின் உள்ளே இழுத்துக்கொள்கிறது, இழையின் மேல்தோல் தண்ணீரை ஒட்டவிடாமல் உலர்ந்தே இருக்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கினாலும் தொட்டால் நனைந்த உணர்வு வராது. தோலுக்குப் பக்கத்தில் ஆவி சேராததால் வியர்வை துளியாக மாறுவதே தள்ளிப் போகும். பாலியெஸ்டர் எதையும் உள்ளே வாங்காது. இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய சந்துகள் வழியாக வியர்வையைத் திரி எண்ணெயை இழுப்பது போல இழுத்து, வெளிப்பக்கம் பரப்பிவிடும். பரவிய ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஓடுகிறவனுக்கு, பனிச்சறுக்கு விளையாடுகிறவனுக்குப் பாலியெஸ்டர். நடப்பதும் நிற்பதும் உட்கார்வதுமாக இருக்கிற மாணவனுக்கு மெரினோ. இது என் தேர்வு, எல்லாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மெரினோவில் இன்னொரு வசதி, மூன்று நாள் போட்டாலும் நாற்றம் அடிக்காது. பாலியெஸ்டர் ஒரே நாளில் அடிக்கும், தம்பி தங்கும் இடத்தில் வாரம் ஒருமுறைதான் துவைக்க முடியும் என்றால் இதை யோசிக்க வேண்டும். கம்பளி ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் சூடு வெளியிடும் என்று விளம்பரங்களில் பெரிதாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். விலை கட்டுப்படவில்லை என்றால் நல்ல பாலியெஸ்டர் உள்ளடுக்கே தாராளமாகப் போதும், பருத்திக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் பெரிது.

கம்பளி குத்துமே என்று கேட்பீர்கள். குத்துவது தடித்த இழை. 30 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ள இழைகள் தோலில் வளையாமல் முள் போல நிற்கின்றன, நம் பழைய கம்பளிப் போர்வை அதனால்தான் குத்தும். உள்ளாடைக்குப் பயன்படும் மெரினோ 17 முதல் 19 மைக்ரான், அது தோலில் பட்டதும் வளைந்துவிடும். மன்னவனூர் செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கம்பளியைக் கையில் பிரித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். உள்ளாடையின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால் மெல்லியது, 250 என்றால் தடித்தது. வகுப்பறைக்குள்ளும் அதோடுதான் உட்கார வேண்டும், அதனால் 200-க்கு மேல் வேண்டாம். தோலோடு ஒட்ட வேண்டும், இறுக்கக் கூடாது. தொளதொள என்று இருந்தால் ஈரத்தை இழுக்கவே இழுக்காது.

லேபிள் இல்லாத துணி என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். உள்பக்கத் தையலில் இருந்து இரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு சுருண்டு, தீயை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும். கலப்பு நூலில் இந்தச் சோதனை ஏமாற்றும், அங்கே லேபிளைத் தவிர வேறு வழியில்லை.

நடு அடுக்கைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஏரிப் பக்கம் கடைகளில் வாங்கிய உங்கள் சுவெட்டர்கள் பெரும்பாலும் அக்ரிலிக்காக இருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். அக்ரிலிக் ஈரம் அதிகம் குடிக்காது, காற்றைப் பிடிக்கும், நடுவில் போட அது போதுமானது. பாட்டி பின்னிய கம்பளி சுவெட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஃப்ளீஸ் என்பது பாலியெஸ்டர் துணியைச் சீவிப் புசுபுசுவென்று எழுப்பியது. எடை குறைவு, சீக்கிரம் காயும், விலையும் அதிகமில்லை. சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள ஒன்று போதும். சுவெட்டர், ஃப்ளீஸ் இரண்டுக்கும் பொதுவான குறை, காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும். மேலே காற்றுத் தடுப்பு இல்லாமல் வெளியே போனால் அவை இருப்பதே தெரியாது.

டவுன் என்பதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது, தூவி. வாத்தின் நெஞ்சுப் பக்கம் இறகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு போன்ற மெல்லிறகு. 600 என்று எண் போட்ட தூவி 28 கிராம் இருந்தால் சுமார் 10 லிட்டர் இடத்தை நிரப்பும், அதாவது நம் வீட்டுத் தண்ணீர் கேனில் பாதி. அவ்வளவு காற்றை அவ்வளவு குறைந்த எடையில் பிடிக்க வேறு பொருள் இல்லை. நனைந்தால் கட்டியாகிச் சுருங்கிவிடும் என்பது அதன் பலவீனம். இங்கேதான் பனி என்ற சொல் நம்மைக் குழப்பும். நமக்குப் பனி என்றால் ஈரம், காலையில் புல்லில் நடந்தால் கால் நனையும். மைனஸ் 20-இல் விழும் பனி உலர்ந்த பொடி, தோளில் தட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் வின்னிபெக்குக்குத் தூவி பொருத்தம். தம்பி லண்டனுக்கோ வான்கூவருக்கோ போகிறான் என்றால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அங்கே குளிர்காலம் மழையும் சேர்ந்தது, செயற்கை நார் அடைத்த கோட்டும் மழை தாங்கும் மேலுறையும்தான் சரி. வின்னிபெக்கிலும் மார்ச் கடைசியில் பனி உருகும் நாட்களில் தூவியை ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டும். செயற்கை நார் அடைத்தது கொஞ்சம் கனம், கொஞ்சம் பருமன், விலை குறைவு. கைச்செலவை யோசித்தால் அதுவும் குறையில்லை.

மேலடுக்கில் எல்லாரும் வாட்டர்ப்ரூஃபா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மைனஸ் 25-இல் மழை பெய்யாது. அங்கே எதிரி காற்று. வின்னிபெக் சமவெளி ஊர், காற்றுக்குத் தடையே கிடையாது. மைனஸ் 25-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 39 போல இருக்கும் என்று அங்கே பயன்படும் கணக்கு சொல்கிறது. அந்த நிலையில் கன்னமும் காதும் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைய வாய்ப்பு உண்டு. ஆகவே நெருக்கமாக நெய்த நைலான் துணி, தொடை வரை நீளம், ஆழமான தொப்பி, மணிக்கட்டில் காற்று புகாத பட்டை, இவைதான் பார்க்க வேண்டியவை. நம் ஊர் மழை ஜெர்கின், அதாவது உள்ளே ரப்பர் மாதிரி பூச்சு போட்டது, இதற்கு ஆகாது. காற்றை நிறுத்தும், ஆவியையும் நிறுத்தும். உள்பக்கம் வெள்ளையாக உறைபனி படிந்து, அறைக்குள் வந்ததும் உருகிச் சுவெட்டரை நனைக்கும். ஆவியை வெளியே விடும் மெல்லிய சவ்வு வைத்த விலை உயர்ந்த மேலுறைகளும் கடுங்குளிரில் சொன்ன அளவு வேலை செய்யாது, ஏனென்றால் ஆவி சவ்வைத் தாண்டும் முன்பே குளிர்ந்து உறைந்துவிடும். பனிமலை ஏறப் போகாத ஒரு மாணவனுக்கு அந்தச் செலவு வீண் என்றே நினைக்கிறேன். தூவியோ செயற்கை நாரோ அடைத்த நீளமான பார்க்கா கோட் ஒன்று இருந்தால் நடு அடுக்கின் பெரும் பகுதியையும் மேலடுக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு காலையை எடுத்துப் பார்ப்போம். வெளியே மைனஸ் 25, பஸ் நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை, எட்டு நிமிஷம் காத்திருப்பு, இருபது நிமிஷப் பஸ், அப்புறம் வகுப்பு. தம்பி அறையில் மெரினோ உள்ளடுக்கும் ஃப்ளீஸும் போட்டுக்கொள்ளட்டும். முதலில் காலில் பூட்ஸ், கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா, கடைசியாகக் கதவருகே நின்று கோட். கோட்டை மாட்டிக்கொண்டு சாவி தேடினால் வெளியே போகும் முன்பே முதுகு வியர்த்துவிடும். வெளியே முதல் இரண்டு நிமிஷம் லேசாகக் குளிர வேண்டும், அப்போதே கதகதப்பாக இருந்தால் போட்டது அதிகம். ஐந்தாவது நிமிஷத்தில் நடையின் சூடு வந்துவிடும், அப்போது கழுத்து ஜிப்பை ஒரு சாண் இறக்கலாம். நிறுத்தத்தில் நின்றதும் உடனே ஏற்றிவிட வேண்டும், சேர்ந்த சூடு அடுத்த எட்டு நிமிஷத்துக்குத் தேவை. பஸ்ஸில் ஏறிய முதல் நிமிஷத்திலேயே கோட்டை முழுசாகத் திறந்து, குல்லாவையும் கையுறையையும் கழற்ற வேண்டும். புது ஆட்கள் செய்யும் தப்பு இங்கேதான், மூடிய கோட்டோடு இருபது நிமிஷம் உட்கார்ந்து வியர்த்துவிட்டு இறங்குவார்கள், அடுத்த ஐந்து நிமிஷ நடையில் நடுங்குவார்கள். வகுப்பில் ஃப்ளீஸையும் கழற்றி, உள்ளடுக்கின் மேல் ஒரு சட்டையோடு உட்காரலாம்.

சரியாகப் போட்டிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்கு வந்ததும் முதுகின் நடுப்பகுதியில் உள்ளடுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லென்று ஈரமாக இருந்தால் மறுநாள் நடு அடுக்கை மெல்லியதாக்க வேண்டும், கூட்டக் கூடாது. காய்ந்திருந்தும் குளிர்ந்தது என்றால்தான் ஒன்று கூட்ட வேண்டும். இன்னொன்று, கோட் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான ஜெர்கினுக்குள் இரண்டு சுவெட்டரைத் திணித்தால் அவற்றில் இருக்கும் காற்று பிதுங்கி வெளியேறி, ஒரு சுவெட்டர் போட்டதைவிடக் குளிரும். கால்களுக்கும் இதேதான். இறுகிய ஷூவில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் விரலுக்கு ரத்தம் ஓடாமல் முதலில் விரல்தான் மரத்துப்போகும். ஒரு தடித்த கம்பளி சாக்ஸ், விரல் அசையும் பூட்ஸ் போதும். ஜீன்ஸும் பருத்திதான், உள்ளே பாலியெஸ்டரோ மெரினோவோ கால்சட்டை இருந்தால் வகுப்புக்குப் போய்வரச் சரி, பனியில் மண்டியிட்டு விளையாடப் போனால் ஆகாது. குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் தொந்தரவு தம்பிக்கு ஏற்கெனவே இருந்தால் அதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள், துணியால் தீர்கிற விஷயம் இல்லை.

நான் சொன்னதில் உறுதியானது பருத்தியைப் பற்றியது, காற்றைப் பற்றியது, இறுக்கத்தைப் பற்றியது. ஆளுக்கு ஆள் மாறுவது எத்தனை அடுக்கு என்பது. ஒரே கோட்டில் என் மருமகன் வியர்ப்பார், மகள் நடுங்குவாள். ஒல்லியான பையன், சாப்பிடாமல் ஓடுகிற பையன் என்றால் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும், அது முதல் இரண்டு வாரத்தில் அவனுக்கே பிடிபடும். கோட்டில் மைனஸ் 20 வரை, மைனஸ் 30 வரை என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த எண்ணுக்கு எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுகோல் இல்லை, போட்டுக்கொண்டு நடக்கிறவனா நிற்கிறவனா என்பதைப் பொறுத்தே அது மாறும்.

ஆகவே இங்கே வாங்க வேண்டியவை, மேல் உள்ளடுக்கு மூன்று, கால் உள்ளடுக்கு இரண்டு, ஒரு ஃப்ளீஸ், கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி. மேல் உள்ளடுக்கில் ஒன்றாவது மெரினோவாக இருந்தால் நல்லது. இருக்கிற ஒரு சுவெட்டர், குல்லா, மஃப்ளர் எல்லாம் கூடவே போகட்டும். பார்க்காவும் பூட்ஸும் அங்கே வாங்கட்டும், அந்தக் குளிருக்காகவே செய்தவை அங்கேதான் எல்லா அளவிலும் கிடைக்கும், போட்டுப் பார்த்து எடுக்கலாம். பழைய துணிக் கடைகளிலும் நல்லவை கிடைக்கும், என் முதல் பார்க்கா அப்படி வாங்கியதுதான். எடுக்கும்போது கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தூவி ஒரு பக்கம் ஒதுங்கித் துணி வெறுமையாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இறங்கும் நாளுக்கு, விமான நிலைய வாசலிலிருந்து கார் வரை, உள்ளடுக்கு, ஃப்ளீஸ், சுவெட்டர், மேலே உங்கள் ஜெர்கின், கையுறை, குல்லா எல்லாம் சேர்ந்தால் சில நிமிஷம் தாங்கும். அவற்றைக் கைப்பையிலேயே வைத்து அனுப்புங்கள். பெரிய பெட்டி வேறு விமானத்தில் வந்து சேர்ந்தால் வெறும் சட்டையோடு நிற்க நேரும்.

துவைக்கும்போது மெரினோவைச் சுடுதண்ணீரில் போட வேண்டாம், சுருங்கிவிடும். பாலியெஸ்டர் உள்ளடுக்குக்குத் துணியை மிருதுவாக்கும் திரவம் ஊற்றக் கூடாது, அது இழைமேல் படிந்து ஈரம் இழுக்கும் குணத்தைக் கெடுத்துவிடும். கோட்டை இரவில் ஹீட்டர் மேல் போடாமல் நாற்காலி முதுகில் விரித்து மாட்டினாலே காய்ந்துவிடும், அங்கே வீட்டுக்குள் காற்று அவ்வளவு வறட்சி. தம்பி போய் ஒரு வாரம் ஆனதும் முதுகு ஈரமா, விரல் மரத்ததா என்று கேட்டு இங்கே எழுதுங்கள், எதைக் குறைக்கலாம் எதைக் கூட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.